வங்கிக்கு வராத காசோலைகள்

ஒரு சங்கத்தின் காசேட்டையும் அதன் வங்கிக் கூற்றையும் அருகருகே வைத்துப் பார்த்தால், ஒரே பணத்தைப் பற்றிய அவ்விரண்டும் பெரும்பாலும் ஒரே தொகையைச் சொல்வதில்லை. இதற்குள்ள காரணங்களிற் பெரியது, நாம் எழுதிக் கொடுத்தும் பெற்றவர் இன்னும் வங்கியிற் சமர்ப்பிக்காத காசோலைகளே. அவற்றைப் பற்றியும், அவை பழசாகிப் போனபின் கணக்கிற் செய்யவேண்டியதைப் பற்றியும் இன்று பேசலாம் என்றிருக்கிறேன்.

வடமராட்சியில் ஒரு விவசாயிகள் சங்கம். பொருளாளர் ஓய்வுபெற்ற ஆசிரியர். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். மார்ச் 31ஆந் தேதி அவருடைய காசேட்டில் வங்கி மீதி 182,400 ரூபா. வங்கிக் கூற்றிலோ 246,900 ரூபா. வங்கி 64,500 ரூபாவை அதிகமாகக் காட்டுகிறது. காசோலைப் புத்தகத்தின் அடிக்கட்டைகளைப் புரட்டி, வங்கிக் கூற்றிலே கழிக்கப்பட்டவற்றையெல்லாம் ஒவ்வொன்றாகக் குறியிட்டுக்கொண்டு வந்தால், குறியில்லாமல் ஐந்து காசோலைகள் மிஞ்சுகின்றன. சுன்னாகத்து உர வியாபாரிக்கு மார்ச் 28இல் எழுதியது 41,000. களஞ்சியச் சுவரைக் கட்டிய மேசனாருக்குச் சென்ற ஆண்டு ஆகஸ்ட் 12இல் எழுதியது 18,000. அங்கத்தவர் மூவருக்குப் பங்கிலாபமாகச் செப்ரெம்பர் 5இல் எழுதியவை 2,500, 1,750, 1,250. கூட்டிப் பாருங்கள், 64,500 சரியாக வரும்.

தொகை சரியாக வந்துவிட்டது என்று பொருளாளர் ஏட்டை மூடிவிட்டார். தவறு அங்கேதான் தொடங்குகிறது. தொகை சரியாவது ஒன்று. அந்தக் காசோலைகள் உயிரோடிருப்பது வேறொன்று. உர வியாபாரியின் காசோலை மூன்று நாள் வயதுடையது. ஏப்ரில் முதல் வாரத்திலே அது வங்கிக்கு வந்துவிட்டது. மற்ற நான்கும் ஆறு மாதத்தைக் கடந்துவிட்டன. தேதியிட்ட நாளிலிருந்து ஆறு மாதம் கழிந்த காசோலையை இலங்கை வங்கிகள் வழக்கமாகப் பணமாக்குவதில்லை. காலங்கடந்தது என்று குறித்துத் திருப்பிவிடுகின்றன. கடல் கடந்த தமிழ்நாட்டிலே இந்தத் தவணை இன்னும் குறுகியது. இந்திய ரிசர்வ் வங்கி 2012 ஏப்ரில் முதலாந் தேதியிலிருந்து அதை மூன்று மாதமாக்கிவிட்டது.

பணத்தை வேண்டாமென்று யார் விடுவார்கள் என நீங்கள் கேட்கலாம். மேசனாரை நானே கேட்டேன். "ஐயா, என்ரை பேரிலை ஒரு எழுத்து மாறிப் போச்செண்டு பாங்கிலை எடுக்கேல்லை, மாஸ்ரரிட்டைத் திருப்பிச் சொல்ல வெக்கமாக் கிடந்தது" என்றார். நமது பெயர்களின் முன்னெழுத்துக்கள் அடையாள அட்டையில் ஒருவிதமாகவும் சங்க ஏட்டில் வேறுவிதமாகவும் இருப்பது யாழ்ப்பாணத்திலே புதுமையன்று. பங்கிலாபம் பெற்ற மூவரில் ஒருவர் காலமாகிவிட்டார். ஒருவர் பிள்ளைகளோடு கனடாவிற்குப் போய்விட்டார். மூன்றாமவரான மூதாட்டிக்கு வங்கிக் கணக்கே இல்லை. குறுக்குக்கோடிட்டுப் பெறுநர் கணக்கிற்கு மட்டும் என்று எழுதிய 1,250 ரூபாக் காசோலையை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? சாமிப்படத்தின் பின்னே பத்திரமாகச் செருகி வைத்திருந்தார்.

முன்னாளிலே வேறொரு காரணமும் இருந்தது. காசோலைத் தாளே வங்கிக்கு வங்கி பயணஞ் செய்த காலம் அது. 1990 முதல் 2002 வரை குடாநாட்டின் தரைவழி மூடிக்கிடந்தபோது, கொழும்பு வங்கியொன்றின் மேல் எழுதப்பட்ட காசோலை போய்ச் சேர எத்தனை நாளாகும் என்று யாரும் உறுதி கூற இயலாது. 2006ஆம் ஆண்டில் காசோலையின் படத்தை மட்டும் அனுப்பித் தீர்வு செய்யும் முறை இலங்கைக்கு வந்தது. ஆகவே இன்று ஒரு காசோலை வாரக்கணக்கில் வராமலிருந்தால், அது வழியிலே இல்லை. யாருடைய கையிலோ இருக்கிறது என்றே கொள்ளவேண்டும்.

இனி, பழசான அந்த நான்கு காசோலைகளை என்ன செய்வது? அவற்றின் தொகை 23,500 ரூபா. வங்கி இனி அதைக் கொடுக்கப்போவதில்லையாதலால், பணம் சங்கத்தின் கணக்கிலேயே நிற்கும். எனவே காசேட்டில் அத்தொகையைத் திரும்ப வரவு வைக்கவேண்டும். மீதி 182,400 என்பது 205,900 ஆகும். சமர்ப்பிக்கப்படாத காசோலையாக உர வியாபாரியின் 41,000 மட்டும் நிற்கும். இரண்டையும் கூட்டினால் வங்கியின் 246,900 வந்துவிடுகிறது.

வரவு வைத்தாயிற்று, எதிர்ப்பதிவு எங்கே? நமது பொருளாளர் பிற்பாடு இதைச் செய்தபோது, பல்வகை வருமானம் என்று எழுதிவிட்டார். அந்த ஆண்டின் இலாபம் 23,500 ரூபாவால் உயர்ந்துவிட்டது! ஆனால் மேசனார் கட்டிய சுவர் அங்கேயே நிற்கிறது. அவருக்குரிய கூலி தீரவில்லை. காசோலை என்பது நிபந்தனையோடு கூடிய கொடுப்பனவு. அது பணமாகாவிடின் பழைய கடன் மீண்டும் உயிர்பெறும். 1927ஆம் ஆண்டின் உண்டியல்கள் கட்டளைச் சட்டமும், காசோலையைச் சமர்ப்பிக்கத் தாமதித்ததனால் மட்டும் எழுதியவரை விடுவித்துவிடுவதில்லை. அத்தாமதத்தால் அவருக்கு உண்மையான நட்டம் நேர்ந்த அளவிற்கே விடுதலை. ஆகவே அந்த 23,500 ரூபா, பெறுநர் ஒவ்வொருவருடைய பெயரிலும் கொடுக்கவேண்டிய கடனாக எதிர்ப்பக்கத்தில் நிற்கவேண்டும். வழக்குத் தொடரும் காலத்தை 1871ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச் சட்டம் வரையறுக்கிறது. உண்டியல், எழுத்து மூலமான ஒப்பந்தம் ஆகியவற்றிற்கு ஆறு ஆண்டு. வேலைக்கூலி, விற்ற பொருளின் விலை போன்ற ஏட்டுக் கடன்களுக்கு ஓராண்டுதான். கோரிக்கைக்கு இனி வழியில்லையென்று உறுதியானபின், நிருவாகக் குழுவின் தீர்மானத்தோடு வருமானத்திற்கு மாற்றலாம். கூலிக்காரரின் கூலியை ஓராண்டு முடிந்த மறுநாளே வருமானமாக்கும் சங்கத்திற்கு அடுத்த சுவரைக் கட்ட யார் வருவார் என்பது என் சொந்த ஐயம்.

அரசாங்க அலுவலகங்களுக்கு இவ்விஷயத்தில் நிதிப் பிரமாணம் 396 உண்டு. ஆறு மாதம் கடந்த காசோலைகள் மீது நடவடிக்கை எடுக்கப்படவில்லை என்று கணக்காய்வாளர் தலைமை அதிபதியின் அறிக்கைகளிலே அவ்விலக்கத்தை அடிக்கடி காணலாம்.

திரும்ப வரவு வைக்குமுன் இன்னொரு காரியம் முக்கியம். ஆறு மாத எல்லை வங்கி வழக்கமேயன்றி இரும்புக் கதவன்று. கவனக்குறைவால் பழைய காசோலையொன்று பணமாகிவிடவும் கூடும். ஆதலால் காசோலை இலக்கம், தேதி, தொகை, பெறுநர் பெயர் ஆகியவற்றைக் குறித்துக் கொடுப்பனவை நிறுத்தும்படி வங்கிக்கு எழுதிவிடவேண்டும். பழைய தாளைக் கேட்டு வாங்கி, இரத்து என்று குறுக்கே எழுதி அடிக்கட்டையோடு ஒட்டவேண்டும். தாள் தொலைந்துவிட்டதென்றால், பின்னர் அது வெளிப்பட்டால் நட்டத்தைத் தாமே ஏற்பதாகப் பெறுநரிடம் கடிதம் பெறவேண்டும். புதுக் காசோலை அதன் பின்னரே. மேசனாருக்கு இம்முறை அடையாள அட்டையைப் பார்த்து எழுதினோம். மூதாட்டிக்குப் பற்றுச்சீட்டில் ஒப்பம் வாங்கிக் காசாகவே கொடுத்தோம். காலமானவரின் பங்கை உரிமையாளர் வரும்வரை அவர் பெயரிலேயே விட்டுவைத்தோம்.

கணக்காய்வாளர் இந்தப் பட்டியலை ஐயத்தோடு பார்ப்பதற்கும் காரணமுண்டு. ஆண்டின் கடைசி நாளிலே கடன்காரர் அனைவருக்கும் காசோலை எழுதி, கடன் தீர்ந்ததாக ஏட்டிற் காட்டி, காசோலைகளை மேசை இழுப்பறையிலே பூட்டி வைக்கும் தந்திரம் பழையது. அதைக் கண்டுபிடிப்பது கடினமன்று. அடுத்த இரு மாத வங்கிக் கூற்றை வாங்கி, அக்காசோலைகள் எந்நாளிற் கழிக்கப்பட்டன என்று பாருங்கள். மார்ச் 31 தேதியிட்டவை ஒன்றிரண்டு தாமதமாக வரலாம். பத்தும் சேர்ந்தாற்போல மே மாத நடுவில் வந்திருந்தால், இழுப்பறையின் திறப்பு யாரிடம் இருந்ததென்று கேட்கவேண்டியதுதான்.