உங்களுக்குத் தெரியுமா? சாக்ஸபோனை ஓரங்கட்டிய ஆம்ப்ளிஃபயர்

1950களின் ராக் அண்ட் ரோலில் பாட்டின் நடுவே வரும் தனி ஆவர்த்தனம் பெரும்பாலும் சாக்ஸபோனுக்குத்தான். லிட்டில் ரிச்சர்டின் பாடல்களைக் கேட்டாலே தெரியும். அன்றைய கிட்டார் ஒலி சின்னது, சீக்கிரம் அடங்கிவிடும். கரகரத்த குரலில் நீட்டி அலற டெனர் சாக்ஸுக்கு மின்சாரமே தேவையில்லை.

1960களின் நடுவில் கணக்கு மாறியது. தி ஹூ குழு கேட்டதற்காக மார்ஷல் நிறுவனம் 100 வாட் ஆம்ப்ளிஃபயர் செய்து கொடுத்தது. அந்தச் சத்தத்தில் கிட்டாரும் கரகரத்தது, நீண்டு ஒலித்தது. சாக்ஸின் வேலை பறிபோனது. சாக்ஸையும் அப்படிப் பெருக்கலாமே என்றால், அது எளிதல்ல. கிட்டாரின் பிக்கப் கம்பியின் அதிர்வை நேராகப் பிடிக்கிறது. சாக்ஸுக்கும், அதேபோல் ஊதி வாசிக்கும் ஹார்மோனிக்காவுக்கும் மைக் வேண்டும். மைக்கோ பக்கத்து டிரம்ஸையும் சேர்த்து விழுங்கும். ஒலியைக் கூட்டினால் 'கீ'யென்று ஊளையிடும். போதாக்குறைக்கு, கிட்டார்காரர்களுக்குப் பிடித்த ஈ மேஜரில் வாசிக்க டெனர் சாக்ஸ்காரர் ஆறு ஷார்ப்புகளோடு மல்லுக்கட்ட வேண்டும்.

ஹார்மோனிக்காவுக்கு வேறொரு தொல்லையும் உண்டு. பத்துத் துளை வாத்தியத்தில் ஒரு சுருதிக்குரிய ஸ்வரங்களே இருக்கும். பாட்டின் சுருதி மாறினால் பெரும்பாலும் வாத்தியத்தையே மாற்ற வேண்டும். 1962இல் 'லவ் மீ டூ' பாடலில் அதை வாசித்த ஜான் லெனன், 1964க்குப் பிறகு பீட்டில்ஸ் பாடல்களில் அதை அபூர்வமாகவே தொட்டார்.

ஆனால் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் பிடிவாதக்காரர்: ஹார்மோனிக்காவைத் தானே வாசித்தார், சாக்ஸுக்கு கிளாரன்ஸ் கிளெமன்ஸை வைத்துக்கொண்டார்.