நிகழ்ச்சி தள்ளிப்போனால் டிக்கெட் பணம் என்ன ஆகும்?

சென்னையில் 2023 ஆகஸ்ட் 12 அன்று நடக்கவிருந்த ஏ.ஆர்.ரஹ்மானின் ‘மறக்குமா நெஞ்சம்’ இசை நிகழ்ச்சி மழையால் செப்டம்பர் 10-க்குத் தள்ளிப்போனது. அன்றைக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கூட்டம் கட்டுக்கடங்காமல் போனதில், கையில் டிக்கெட் இருந்தும் பலர் உள்ளே நுழைய முடியாமல் திரும்பினார்கள். அவர்கள் டிக்கெட் நகலை ஒரு மின்னஞ்சல் முகவரிக்கு அனுப்பும்படி ரஹ்மானே சமூக ஊடகத்தில் கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. முதல் தேதி போய் இரண்டாம் தேதி வந்தபோது ஒரு சிக்கல், இரண்டாம் தேதியில் நடந்த குளறுபடியில் இன்னொரு சிக்கல். இரண்டிலும் டிக்கெட் வாங்கியவர் கேட்டது ஒன்றுதான்: இனி நான் என்ன செய்ய வேண்டும்?

இந்தக் கேள்விக்குப் பதில் முதலில் வரும் இடம் இப்போது பெரும்பாலும் இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் பதிவின் கீழே உள்ள நாலு வரி. “தவிர்க்க முடியாத காரணங்களால் ஒத்திவைக்கப்படுகிறது, விவரம் விரைவில்” என்று அங்கே எழுதிவிட்டுப் போனால் அறிவிப்பு முடிந்துவிட்டதாக அமைப்பாளர் நினைக்கிறார். டிக்கெட் வாங்கியவருக்கோ அப்போதுதான் அலைச்சல் தொடங்குகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

ரத்தும் ஒத்திவைப்பும் ஒன்றல்ல. நிகழ்ச்சி ரத்தானால், தருவதாகச் சொன்ன சேவையே இல்லை. மழை, புயல், காவல்துறை அனுமதி மறுப்பு என்று யார் மீதும் குற்றமில்லாத காரணமாக இருந்தாலும், நிறைவேறாமல் போன ஒப்பந்தத்தில் வாங்கிய பயனைத் திருப்பித் தர வேண்டும் என்பது 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 65-ஆம் பிரிவு. “எங்கள் கையில் இல்லை” என்பது நடத்தாமல் போனதற்குக் காரணமாகலாம், பணத்தை வைத்துக்கொள்வதற்குக் காரணமாகாது.

ஒத்திவைப்பில் கொஞ்சம் சிக்கல் உண்டு. “புதிய தேதிக்கு டிக்கெட் செல்லும், பணம் திரும்பாது” என்று டிக்கெட்டின் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். அப்படிப் போட்டிருப்பதாலேயே அது இறுதித் தீர்ப்பாகிவிடாது. நவம்பரில் ஊரில் இருப்பவர் டிசம்பரில் வெளிநாட்டில் இருக்கலாம். அவருக்கு விற்ற சேவை அவருக்குக் கிடைக்கவில்லை என்று நுகர்வோர் ஆணையத்தில் வாதாட முடியும். குறைபாடுள்ள சேவைக்கு வாங்கிய பணத்தை, ரசீதில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாட்களுக்குள் திருப்பித் தர மறுப்பதை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நியாயமற்ற வணிக நடைமுறை என்றே வகைப்படுத்துகிறது.

அறிவிப்பை எப்படி எழுத வேண்டும்?

மதுரையில் திறந்தவெளி மைதானத்தில் ஒரு மெல்லிசை மாலை நடக்கவிருப்பதாக வைத்துக்கொள்வோம். மழையால் தேதியும் இடமும் மாறுகின்றன. பதிவின் வாசகம் இப்படி இருக்கலாம்:

> ஒத்திவைப்பு: நவம்பர் 28 மெல்லிசை மாலை, டிசம்பர் 19-க்கு மாறுகிறது. பழைய டிக்கெட் செல்லும். வர முடியாதவர்களுக்கு முழுப் பணமும் திரும்பும்.
>
> புதிய நாள்: 2026 டிசம்பர் 19, சனிக்கிழமை, மாலை 6.30. இடம்: மைதானம் அல்ல, அதே வளாகத்தில் உள்ள கலையரங்கம்.
>
> வருகிறவர்கள்: எதுவும் செய்ய வேண்டாம். பழைய க்யூஆர் குறியீடே போதும். கோல்டு டிக்கெட்டுக்குக் கீழ்த்தளம், சில்வர் டிக்கெட்டுக்கு மாடி.
>
> வர முடியாதவர்கள்: டிசம்பர் 5 இரவு 11.59-க்குள் விண்ணப்பிக்கவும். ஆன்லைனில் வாங்கியவர்கள் டிக்கெட் எடுத்த செயலியிலேயே விண்ணப்பிக்கலாம். கவுன்ட்டரில் வாங்கியவர்கள் அதே கவுன்ட்டரில், காலை 10 முதல் மாலை 5 வரை.
>
> தொகை: டிக்கெட் 750 ரூபாய், முன்பதிவுக் கட்டணம் 45, ஆக 795 ரூபாய். விண்ணப்பித்த 7 வேலை நாட்களுக்குள், பணம் கட்டிய அதே கணக்குக்கு வரும்.
>
> இதற்காக நாங்கள் யாருக்கும் போன் செய்ய மாட்டோம். ஓடிபி கேட்க மாட்டோம். பதிவிட்ட நேரம்: நவம்பர் 27, காலை 11 மணி.

புதிய தேதி, பழைய டிக்கெட், பணம் என்ற மூன்றுக்கும் முதல் பத்தியிலேயே பதில் வந்துவிட்டதைக் கவனியுங்கள். இன்ஸ்டாகிராமில் முதல் ஓரிரு வரிகளுக்குப் பிறகு வாசகம் மடிந்துவிடும், பலர் அதை விரித்துப் பார்ப்பதில்லை. வருத்தமும் நன்றியும் முதலில் வந்தால், தேதி மடிப்புக்குள் போய்விடும். ‘நாளை’, ‘வரும் சனிக்கிழமை’ என்று எழுதுவதும் ஆகாது. பதிவு இரண்டு நாள் கழித்தும் ஒருவர் கண்ணில் படலாம், அவருக்கு ‘நாளை’ வேறொரு நாள். அதனால்தான் தேதி, கிழமை இரண்டும்.

இடம் மாறினால் இருக்கைப் பிரிவும் மாறும். மைதானத்தில் மேடையோரம் இருந்த கோல்டு பகுதி அரங்கத்தில் எங்கே என்று சொல்லாவிட்டால் வாசலில் சண்டைதான். முன்பதிவுக் கட்டணத்தைத் தனியே குறிப்பிடுவதற்கும் காரணம் உண்டு. ‘முழுப் பணம்’ என்று படித்துவிட்டு 750 மட்டும் வந்தவர் தன்னை ஏமாற்றிவிட்டதாகத்தான் நினைப்பார். கட்டணம் திரும்பாது என்றால் அதையும் முன்னமே சொல்லிவிட வேண்டும்.

இன்ஸ்டாகிராம் வாசகத்தில் ஒட்டும் இணைப்பு அழுத்தினால் திறக்காது, அதைச் சுயவிவரப் பக்கத்தில்தான் வைக்க வேண்டும். விவரத்தை வெறும் படமாகப் போட்டால், திரையை வாய்விட்டுப் படிக்கும் செயலியை நம்பியிருக்கும் பார்வையற்றோருக்கு அது போய்ச் சேராது. ஸ்டோரியில் மட்டும் போட்டால் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும்.

மோசடிக்காரர்கள் காத்திருக்கும் இடம்

இப்படிப்பட்ட பதிவின் கீழே “என் பணம் எப்போது வரும்?” என்று கேட்பவருக்கு, ‘கஸ்டமர் கேர்’ என்ற பெயரில் யாரோ ஒரு போன் எண்ணைத் தருவார். அழைத்தால் க்யூஆர் குறியீடு ஒன்றை அனுப்பி, அதை ஸ்கேன் செய்து யூபிஐ பின் போடச் சொல்வார். நமக்கு வர வேண்டிய பணத்தைப் பெற யூபிஐ பின் தேவையே இல்லை. பின் போட்டால் பணம் போகும், வராது. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930-ஐ அழைக்க வேண்டும், cybercrime.gov.in தளத்திலும் புகார் தரலாம்.

பணம் வராவிட்டால்

டிக்கெட், பணம் கட்டியதற்கான வங்கிக் குறுஞ்செய்தி, அறிவிப்பின் ஸ்கிரீன்ஷாட் மூன்றையும் முதல் நாளே எடுத்து வையுங்கள். பதிவின் வாசகத்தைப் பிறகு திருத்திவிட முடியும், உங்கள் போனில் இருக்கும் படத்தை அவர்களால் திருத்த முடியாது. “அனுப்பிவிட்டோம்” என்று சொன்னால் பரிவர்த்தனைக் குறிப்பு எண்ணைக் கேளுங்கள். அந்த எண்ணை வைத்து உங்கள் வங்கியில் விசாரிக்கலாம். எண் தர முடியாதவர் பணமும் அனுப்பியிருக்க வாய்ப்பில்லை. கார்டில் கட்டியவர்கள், கிடைக்காத சேவைக்கான தொகையைத் திரும்பக் கோரி வங்கியிடமே முறையிடலாம்.

அடுத்து, அமைப்பாளருக்கு மின்னஞ்சலில் தேதி குறிப்பிட்டு எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். அமைப்பாளர் சென்னையில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் தரலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் புகாருக்குக் கட்டணமில்லை, வழக்கறிஞர் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தர வேண்டும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும். 795 ரூபாய்தானே என்று விட்டுவிடாதீர்கள், கேட்பது உங்கள் உரிமை.