‘எது அதிகமோ அது’: உணவுக்கூடக் கடையின் வாடகைக் கணக்கு

வணிக வளாகத்தின் உணவுக்கூடத்தில், அதாவது ‘ஃபுட் கோர்ட்’டில், கடை எடுப்பதற்குக் கடன் கேட்டு வரும் வாடிக்கையாளர்கள் பலர், “வாடகை விற்பனையில் பங்குதான், வியாபாரம் குறைந்தால் வாடகையும் குறைந்துவிடும்” என்று எங்களிடம் கூறுவதுண்டு. ஒப்பந்தத்தின் அடுத்த வரியை நாங்கள் படித்துக் காட்ட வேண்டியிருக்கும். பெரும்பாலான ஒப்பந்தங்களில் குறைந்தபட்ச உத்தரவாதத் தொகை ஒன்று குறிக்கப்பட்டிருக்கும். அத்தொகை, விற்பனைப் பங்கு ஆகிய இரண்டில் எது அதிகமோ அதுவே வாடகையாகும். விற்பனை உயர்ந்தால் வளாகத்தார் பங்கு கொள்வர். சரிந்தால் சுமை கடைக்காரருடையது.

புனே போன்ற ஒரு நகரில் தோசைக் கடை ஒன்று நடப்பதாகக் கொள்வோம். விற்பனைப் பங்கு 20 விழுக்காடு; உத்தரவாதத் தொகை மாதம் ரூ.1,20,000. மாத விற்பனை ரூ.6 லட்சத்தை எட்டும்போதுதான் பங்கும் உத்தரவாதத் தொகையும் சமமாகின்றன. விற்பனை ரூ.4 லட்சமாகக் குறைந்தால் 20 விழுக்காட்டுப் பங்கு ரூ.80,000 மட்டுமே. ஆனால் செலுத்த வேண்டியது ரூ.1,20,000, அதாவது விற்பனையில் 30 விழுக்காடு.

இதனுடன் பொதுப் பராமரிப்புக் கட்டணம் ரூ.40,000 சேர்கிறது. மேசை துடைப்பது, தட்டு கழுவுவது, குளிர்சாதனம் ஆகியவற்றுக்கான இக்கட்டணம் விற்பனையைப் பொறுத்துக் குறைவதில்லை. வாடகை, பராமரிப்பு இரண்டின் மீதும் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. உண்டு, அது ரூ.28,800. மற்ற தொழில்களில் இவ்வரியை உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக்கொள்ள இயலும். ஆனால் இத்தகைய உணவகங்கள் வாடிக்கையாளரிடம் 5 விழுக்காடு வரி வசூலிக்கும் முறையில் உள்ளீட்டு வரி வரவு கிடையாது. ஆகவே அந்த ரூ.28,800 முழுவதும் செலவே. இடத்திற்கான மொத்தச் செலவு ரூ.1,88,800 ஆகிறது.

விற்பனை ரூ.6 லட்சமாக உள்ள மாதத்தில் மளிகை, காய்கறி முதலியவற்றுக்கு ரூ.1,92,000, சம்பளத்திற்கு ரூ.1,10,000, மின்சாரம், எரிவாயு, இதரச் செலவுகளுக்கு ரூ.60,000 போனால், கையில் நிற்பது ரூ.49,200. கடன் தவணை இதிலிருந்துதான் கட்டப்பட வேண்டும். விற்பனை ரூ.4 லட்சமான மாதத்தில், சரக்குச் செலவு ரூ.1,28,000 ஆகவும் மின்சாரம் முதலியவை ரூ.47,000 ஆகவும் குறைந்தாலும், ரூ.73,800 நட்டம் ஏற்படும்.

‘எது அதிகமோ’ என்பது மாதந்தோறும் கணக்கிடப்படுகிறதா, ஆண்டுக்கு ஒரு முறையா என்பதைப் பலர் கேட்பதே இல்லை. தேர்வுக் காலத்தில் கூட்டம் குறைவு. தீபாவளி, கிறிஸ்துமஸ், பள்ளி விடுமுறை நாள்களில் அதிகம். ஆறு மாதங்கள் ரூ.4 லட்சம், ஆறு மாதங்கள் ரூ.8 லட்சம் விற்றால் ஆண்டு விற்பனை ரூ.72 லட்சம். ஆண்டுக் கணக்கில் வாடகை ரூ.14,40,000. மாதக் கணக்கிலோ, குறைந்த மாதங்களில் ரூ.1,20,000 வீதமும் நல்ல மாதங்களில் ரூ.1,60,000 வீதமும் சேர்ந்து ரூ.16,80,000 ஆகிறது. விற்பனையும் பங்கு விழுக்காடும் ஒன்றே, வேறுபாடு ரூ.2,40,000. அதன் மீது வரி தனி. பங்கு விழுக்காட்டை ஒன்றிரண்டு குறைக்கப் பேரம் பேசுவதைவிட, ஆண்டு முடிவில் நேர்செய்யும் விதியைக் கேட்டுப் பெறுவது மேல் என்பது எங்கள் கருத்து.

‘விற்பனை’ என்றால் எது என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். ஜி.எஸ்.டி. நீங்கலான தொகை என்பது தெளிவாகக் குறிக்கப்படட்டும். வீட்டுக்கு உணவு கொண்டுசேர்க்கும் செயலிகள் வழியாக வரும் ஆர்டர்களும் கணக்கில் சேருமா? ரூ.200 ஆர்டரில் செயலியின் தரகு ரூ.50 என்போம். வளாகத்தார் ரூ.200 மீது 20 விழுக்காடு எடுத்தால் மேலும் ரூ.40 போகும்; எஞ்சும் ரூ.110-இல் உணவும் பொட்டலமும் அடங்க வேண்டும். அந்த ஆர்டருக்கு வளாகத்தின் மேசையோ தட்டோ பயன்படவில்லை என்பதைச் சுட்டிக்காட்டி, தரகு நீங்கலான தொகை மீது பங்கு கேட்கலாம்.

பொது விற்பனை முகப்பு அல்லது முன்பணம் ஏற்றும் அட்டை உள்ள உணவுக்கூடங்களில் பணம் முதலில் வளாகத்தாரிடமே சேர்கிறது. தங்கள் பங்கைக் கழித்துக்கொண்டு, ஒப்பந்தப்படி வாரம் அல்லது பதினைந்து நாளுக்கு ஒரு முறை மீதியை அனுப்புவர். காய்கறிக்காரருக்கு அன்றாடம் பணம் தர வேண்டுமாதலால், அந்த இடைவெளிக்கு ஈடான நடைமுறை மூலதனம் கையில் இருத்தல் அவசியம். மேலும், வங்கிக் கணக்கில் வரவாகத் தெரிவது கழிவு போன தொகை, ஜி.எஸ்.டி. படிவத்தில் காட்டுவதோ முழு விற்பனை. கடன் பரிசீலனையின்போது இவ்விரண்டும் பொருந்தாமல் நிற்கும். வளாகத்தார் தரும் தீர்வுப் பட்டியல்களை மாதவாரியாகக் கோத்து, ஒப்பந்த நகலுடன் கிளைக்குக் கொண்டுவந்தால், இந்த வேறுபாட்டை எங்கள் அலுவலர்கள் எளிதில் சரிபார்த்துவிட இயலும்.