தண்ணீர்த் தொட்டிக்குள் எவ்வளவு தூரம்?

நியூட்ரான் ஊற்றின் விவரத்தாளைக் கையில் எடுத்ததும் கண் போவது விநாடிக்கு எத்தனை நியூட்ரான் என்ற எண்ணுக்குத்தான். எவ்வளவு ஆற்றலோடு வருகின்றன என்பதைப் பலரும் அப்புறம்தான் பார்க்கிறார்கள். பெரிய தண்ணீர்த் தொட்டியின் நடுவில் ஊற்றை இறக்கிவிட்டு, வேகம் தணிந்த நியூட்ரான்களைப் பக்கத்தில் வைத்த கருவியால் எண்ணிப் பார்த்தால் இந்த வரிசை தலைகீழாகிவிடும்.

ஆய்வகங்களில் அதிகம் புழங்குவது அமெரிசியம்-பெரிலியம். அமெரிசியம் ஆக்சைடு தூளையும் பெரிலியத் தூளையும் கலந்து அழுத்தி, எஃகு உறை ஒன்றுக்கு இரண்டாகப் போட்டு வெல்டிங் செய்துவிடுவார்கள். அமெரிசியம் கக்கும் ஆல்ஃபா துகள் பெரிலிய அணுக்கருவில் மோதினால் நியூட்ரான் தெறிக்கும். மோதுவது அபூர்வம்: 10 லட்சம் ஆல்ஃபாவுக்கு ஏறத்தாழ 60 நியூட்ரான்தான். ஆனாலும் ஒரு கியூரி அமெரிசியத்தில் விநாடிக்கு 3,700 கோடி சிதைவுகள் நடப்பதால், சுமார் 22 லட்சம் நியூட்ரான் தேறிவிடும். சராசரி ஆற்றல் 40 லட்சம் எலெக்ட்ரான்வோல்ட்டுக்குச் சற்று மேலே. சில நியூட்ரான்கள் 1 கோடியே 10 லட்சம்வரை போகும். அரை ஆயுள் 432 ஆண்டு என்பதால் வாங்கியவர் ஓய்வுபெற்ற பிறகும் எண்ணிக்கை அசையாது. அணைக்கவும் முடியாது. 2012இல் டெக்சாஸில் எண்ணெய்க் கிணறு அளக்கும் குழு ஒன்றின் வண்டியிலிருந்து இப்படியொரு குழல் தொலைந்துபோய், சில வாரம் கழித்துச் சாலையோரம் கிடைத்தது. அத்தனை நாளும் அது தன் வேலையைச் செய்துகொண்டேதான் இருந்திருக்கும்.

இரண்டாவது ஊற்றில் பெரிலிய அணுக்கருவை உடைப்பது காமா கதிர். எனக்குப் பிடித்தது இதன் கணக்கு. பெரிலியத்திலிருந்து ஒரு நியூட்ரானைப் பிய்த்தெடுக்க 16.65 லட்சம் எலெக்ட்ரான்வோல்ட் வேண்டும். ஆண்டிமனி-124 விடும் காமாவில் இருப்பது 16.91 லட்சம். மிச்சம் வெறும் 26,000. அதில் ஒன்பதில் ஒரு பங்கை மீதிக் கரு எடுத்துக்கொள்ள, நியூட்ரானுக்கு வாய்ப்பது ஏறக்குறைய 24,000. ஆற்றல் ஒரே அளவில் கட்டுக்குள் இருப்பது இதன் அழகு. உள்ளே இருக்கும் ஆண்டிமனித் தண்டை உருவிவிட்டால் நியூட்ரான் நின்றுவிடும். ஆனால் நியூட்ரானை உண்டாக்குவது லட்சத்தில் ஒரு காமாவோ, 10 லட்சத்தில் ஒன்றோதான். மற்றதெல்லாம் வெளியே பாய்வதால் கனத்த ஈயச் சுவர் வேண்டும். அரை ஆயுளும் 60 நாள்தான். அதற்குப் பிறகு தண்டை மீண்டும் அணு உலைக்கு அனுப்ப வேண்டும்.

மூன்றாவது, மின்சாரத்தில் ஓடும் குழாய். மூடிய குழாய்க்குள் டியூட்டிரியம் அயனிகளை லட்சம் வோல்ட் அளவில் முடுக்கி, டிரிட்டியம் ஊறிய டைட்டானியத் தகட்டில் மோதவிடுகிறார்கள். இணையும்போது ஹீலியமும் நியூட்ரானும் பிறக்கின்றன. நியூட்ரான் 1 கோடியே 41 லட்சம் எலெக்ட்ரான்வோல்ட்டோடு பறக்கும். சிறிய குழாயே விநாடிக்கு 10 கோடி தரும். சுவிட்சைத் தட்டினால் நிற்கும்.

இப்போது தொட்டிக்கு வருவோம். தண்ணீரிலுள்ள ஹைட்ரஜனோடு மோதும்போதுதான் நியூட்ரான் வேகத்தை இழக்கிறது. அறை வெப்பத்துக்குத் தணிய ஆண்டிமனி நியூட்ரானுக்கு ஏறத்தாழ 14 மோதல், அமெரிசியம் நியூட்ரானுக்கு 19, குழாய் நியூட்ரானுக்கு 20 போதும். வித்தியாசம் அதிகமில்லை. ஆனால் முதல் மோதலுக்கு முன் போகும் தூரத்தைப் பாருங்கள்: முதலாவதற்கு ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை, இரண்டாவதற்குச் சுமார் 5, மூன்றாவதற்குச் சுமார் 10. வேகம் கூடக்கூட ஹைட்ரஜன் நியூட்ரானின் கண்ணுக்குச் சிறிதாகத் தெரிகிறது என்று வைத்துக்கொள்ளலாம். அதனால் குழாயின் நியூட்ரான்கள் தொட்டி முழுக்கச் சிதறி, சிறிய தொட்டியாக இருந்தால் சுவரைத் தாண்டியும் ஓடிவிடும். ஆண்டிமனியினுடையவை ஊற்றைச் சுற்றி அடர்த்தியாகத் தேங்கும். குழாய் 10 கோடி தந்தாலும், பக்கத்திலிருக்கும் கருவி பார்க்கும் எண்ணிக்கை அதே விகிதத்தில் கூடாது.

பாறையிலுள்ள நீரின் அளவைச் சொல்லும் எண்ணெய்க் கிணற்றுக் கருவிகளுக்கும் இதே சங்கடம்தான். அமெரிசியத்துக்குப் போட்டுவைத்த அளவுகோல் வரைபடங்களை அப்படியே எடுத்துக் குழாய்க்குப் பொருத்த முடியவில்லை.

குழாய்க்கு வயதும் ஆகும். டிரிட்டியம் 12.3 ஆண்டில் பாதியாகிறது; சிதைந்து உண்டாகும் ஹீலியம்-3 உள்ளேயே தங்கி வெற்றிடத்தைக் கெடுக்கிறது. மின்னழுத்தம் மாறாமல் இருந்தும் நியூட்ரான் குறைந்திருக்கலாம். அதைக் கண்டுபிடிக்கச் செம்புத் தகடு ஒன்று போதும். செம்பு-63 தன் நியூட்ரான் ஒன்றை இழந்து செம்பு-62 ஆக, உள்ளே வரும் நியூட்ரானுக்குச் சுமார் 1 கோடியே 10 லட்சம் எலெக்ட்ரான்வோல்ட்டுக்கு மேல் வேண்டும். சுவரில் பட்டுத் தளர்ந்து திரும்பியவற்றைத் தகடு கண்டுகொள்ளாது. நேராக வந்தவற்றை மட்டும் எண்ணும். குழாயை நிறுத்திவிட்டுத் தகட்டைச் சீக்கிரம் எண்ணியின் முன் வைத்துவிட வேண்டும், ஏனென்றால் செம்பு-62 பத்து நிமிடத்துக்குள் பாதியாகிவிடும்.