‘மாடி 6, அட்வான்ஸ் 10 மாசம்’... வாடகை விளம்பரத்தைப் பிரித்துப் படிப்பது எப்படி?

கணவருக்கு ராஜபாளையத்தில் நூற்பாலை வேலை. மனைவிக்கு கிருஷ்ணன்கோவிலில் கல்லூரி வேலை. நடுவில் இருக்கிறது ஸ்ரீவில்லிபுத்தூர். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் பத்து, பன்னிரண்டு கிலோமீட்டர்தான், பஸ்ஸுக்கும் பஞ்சமில்லை. ஆக, எந்த ஊரில் குடியேறினாலும் ஒருவருக்கு வசதி, இன்னொருவருக்கு அலைச்சல். இப்படி ஒரு குடும்பம் வாடகைக்கு வீடு தேடுகிறது என்று வைத்துக்கொள்வோம். உள்ளூர் வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்த அன்றே போனில் முப்பது விளம்பரங்கள் குவிந்துவிடும். அத்தனையும் மூச்சுவிடாமல் எழுதிய ஒரே வாக்கியங்கள்.

இந்தப் பாணி பத்திரிகை வரி விளம்பரக் காலத்தில் பிறந்தது. வரிக்கு, வார்த்தைக்கு இவ்வளவு என்று காசு கொடுக்க வேண்டியிருந்ததால் ‘ரூபாய்’, ‘ஆயிரம்’, ‘மாதம்’ எல்லாம் முதலில் வெட்டுப்பட்டன. இன்று வாட்ஸ்அப்பில் எவ்வளவு எழுதினாலும் காசு இல்லை. ஆனாலும் ‘வாடகை 6’ என்றே எழுதுகிறோம். பழகிய கை!

முப்பதையும் ஒப்பிட வேண்டுமென்றால் ஒவ்வொன்றையும் பரப்பு, அறைகள், மாடி, வாடகை, அட்வான்ஸ் என ஐந்து கட்டங்களாகப் பிரித்து எழுத வேண்டும். கேட்க எளிதாகத் தெரியும். உட்கார்ந்து செய்தால்தான் சிக்கல் புரியும். அந்த ஊர்ப் பாணியில் ஒரு மாதிரி விளம்பரம் இதோ:

“ராஜபாளையம் சத்திரப்பட்டி ரோடு பஸ் ஸ்டாப் அருகில் 3 சென்ட்டில் கட்டிய புது வீடு கீழே 2 பெட்ரூம் ஹால் கிச்சன் 8500 மாடி சிங்கிள் பெட்ரூம் 6 அட்வான்ஸ் 10 மாசம் போர் தண்ணீர் உண்டு சிறு குடும்பத்துக்கு மட்டும்.”

முதலில் கவனிக்க வேண்டியது, இது ஒரு வீட்டுக்கான விளம்பரம் அல்ல. கீழ்வீடு ஒன்று, மாடி வீடு ஒன்று. ஒரே வரிசையில் எழுத முயன்றால் கீழ்வீட்டின் அறைகளும் மாடி வீட்டின் வாடகையும் ஒட்டிக்கொண்டு, ‘2 பெட்ரூம் 6,000 ரூபாய்’ என்று உலகத்தில் இல்லாத ஒரு வீடு உருவாகிவிடும். மலிவாக இருக்கிறதே என்று அந்த இல்லாத வீட்டைப் பார்க்கத்தான் முதலில் ஓடுவோம்.

இது நம் ஊருக்கு மட்டுமான தலைவலி அல்ல. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் சோடர்லேண்ட் என்ற ஆய்வாளர், விளம்பரம் போன்ற துண்டு வாக்கியங்களிலிருந்து தகவலைப் பிரித்தெடுக்கும் ‘விஸ்க்’ என்ற கணினி நிரலை உருவாக்கி, 1999-ல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். அவர் எடுத்துக்கொண்டவற்றில் சியாட்டில் நகர வாடகை விளம்பரங்களும் உண்டு. பகுதி, படுக்கையறைகள், வாடகை என்று அவருக்கு மூன்றே கட்டங்கள். அங்கேயும் ஒரே விளம்பரத்துக்குள் சின்ன வீடும் பெரிய வீடும் தத்தம் வாடகையோடு சேர்ந்து வந்தன. தனித்தனியாக எண்களைப் பொறுக்கினால் போதாது. எந்த வாடகை எந்த வீட்டுடையது என்று ஜோடி சேர்த்து எடுக்க வேண்டும். மனிதர்கள் கையால் குறித்துக் கொடுத்த உதாரணங்களைப் பார்த்துத்தான் அந்த நிரல் இதைக் கற்றுக்கொண்டது.

சத்திரப்பட்டி ரோட்டுக்கே திரும்புவோம். இரண்டு வரிசையாகப் பிரித்தால் இப்படி வரும்:

கீழ்வீடு: பரப்பு – (காலி). அறைகள் – 2 பெட்ரூம், ஹால், கிச்சன். மாடி – தரைத்தளம். வாடகை – 8500. அட்வான்ஸ் – 85000.

மாடி வீடு: பரப்பு – (காலி). அறைகள் – 1 பெட்ரூம், மற்றவை கேட்க வேண்டும். மாடி – முதல் மாடி. வாடகை – 6000. அட்வான்ஸ் – 60000.

பரப்பு ஏன் காலி? விளம்பரத்தில்தான் 3 சென்ட் இருக்கிறதே என்று தோன்றும். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. மூன்று சென்ட் சுமார் 1,307 சதுர அடி. ஆனால், அது மனையின் அளவு. காம்பவுண்டு, மாடிப்படி, சுற்றி விட்ட இடம் எல்லாம் அதற்குள் அடக்கம். அந்த எண்ணை வீட்டின் பரப்பாக எழுதினால், இரண்டு வீடுகளும் ஆளுக்கு 1,307 சதுர அடி என்று பட்டியல் பொய் சொல்லும். தெரியாததைக் காலியாக விடுவதுதான் சரி. ‘0’ என்றும் போடக் கூடாது. காலிக் கட்டம் என்றால் ‘இன்னும் கேட்கவில்லை’, பூஜ்யம் என்றால் ‘கேட்டாயிற்று, இல்லை’. இரண்டும் வேறு.

அட்வான்ஸில் இன்னொரு பொறி. ‘10 மாசம்’ என்பது பணத் தொகை அல்ல, பெருக்கல் கணக்கு. கீழ்வீட்டுக்கு 85,000, மாடிக்கு 60,000. அவசரத்தில் ஒரே தொகையை இரண்டு வரிசையிலும் எழுதினால் 25,000 ரூபாய் தவறிவிடும். தவிர, அந்த ‘10 மாசம்’ வாக்கியத்தின் கடைசியில், மாடி வீட்டை ஒட்டி நிற்கிறது. அது இரண்டு வீட்டுக்குமா, மாடிக்கு மட்டுமா? வாக்கியத்தில் இதற்கு விடை இல்லை. ஆகவே கீழ்வீட்டின் 85000-க்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவைக்க வேண்டும்.

அட்வான்ஸுக்குச் சட்டத்தில் வரையறை உண்டா என்றால், உண்டு. 2017-ல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாடு வாடகைச் சட்டம், மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. ஆனால், ‘வேறுவிதமாக ஒப்பந்தம் செய்துகொண்டாலன்றி’ என்ற வாசலையும் திறந்தே வைத்திருக்கிறது. பத்து மாத அட்வான்ஸ் கேட்கும் விளம்பரங்கள் அந்த வாசல் வழியாகத்தான் வருகின்றன. கையெழுத்துப் போடும் முன் பேரம் பேச, அந்த மூன்று மாதம் ஒரு பிடி.

இப்போது ஸ்ரீவில்லிபுத்தூர் பாணியில் இன்னொரு மாதிரி:

“ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலுக்கு நடந்து போகும் தூரம் 750 சதுர அடி ரெண்டாவது மாடி ரெண்டு ரூம் வீடு ஒத்தி 4 லட்சம் வாடகைக்குன்னா 5500 அட்வான்ஸ் 40.”

பார்வைக்கு இது நேர்த்தியான விளம்பரம். ஐந்து கட்டங்களுக்கும் ஏதோ ஒன்று சொல்லியிருக்கிறது. ஆனாலும், இதற்கும் இரண்டு வரிசை தேவை. வீடு ஒன்றுதான், பண ஏற்பாடு இரண்டு. ஒத்தி வரிசையில் வாடகை 0, தொகை 400000. இங்கே பூஜ்யம் உண்மையான பூஜ்யம். மாத வாடகை இல்லை. வாடகை வரிசையில் 5500, அட்வான்ஸ் 40000. நான்கு லட்சத்தை அட்வான்ஸ் கட்டத்திலேயே எழுதினாலும் பக்கத்தில் ‘ஒத்தி’ என்று குறிக்காவிட்டால், பட்டியலைப் பார்க்கும் அடுத்தவர் வாடகையில்லாத வீடு கிடைத்தது என்று மகிழ்ந்துபோவார்.

எது லாபம்? ஒத்திக்குப் போனால் ஆண்டுக்கு 66,000 ரூபாய் வாடகை மிச்சம். அதற்காகக் கூடுதலாகக் கொடுப்பது 3,60,000 ரூபாய். அதை 12 சதவிகித வட்டிக்குக் கடன் வாங்கினால் ஆண்டு வட்டி 43,200. கணக்கு ஒத்திக்குச் சாதகமாகத் தெரியும். ஆனால், ஒத்தி என்பது சட்டப்படி அனுபவ அடமானம். 1882-ம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டப்படி அதற்குப் பதிவு செய்த பத்திரம் வேண்டும். ‘வெறும் ஸ்டாம்பு பேப்பரில் எழுதிக்கலாம்’ என்று உரிமையாளர் சொன்னால், 4 லட்சத்துக்கு வலுவான பிடிமானம் இல்லாமல் போய்விடும்.

‘ரெண்டு ரூம்’ இன்னொரு வழுக்கல். இரண்டு பெட்ரூமா, அல்லது ஹாலும் ஒரு பெட்ரூமும் சேர்த்து இரண்டா? அறைகள் கட்டத்தில் ‘2’ என்று மட்டும் எழுதிவிட்டால் பிறகு யாருக்கும் ஞாபகம் இருக்காது. ‘2 ரூம் – எது எது?’ என்றே எழுதிவிடலாம். பட்டியல் கொஞ்சம் அசிங்கமாக இருக்கும், பரவாயில்லை.

750 சதுர அடி என்பதும் எதைச் சேர்த்து என்று தெரியாது. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் ‘கார்பெட் ஏரியா’ என்பதற்குத் தெளிவான விளக்கம் தருகிறது. உள்தடுப்புச் சுவர்கள் சேரும், வெளிச்சுவர், பால்கனி, மொட்டைமாடி சேராது. ஆனால், அது பில்டர்கள் வீடு விற்பதற்கான விதி. வாட்ஸ்அப்பில் வாடகைக்கு விடுபவருக்குக் கைக்கு வந்ததுதான் அளவு. நேரில் போகும்போது ஒரு இஞ்ச் டேப் போதும். ஹால் 10க்கு 14, அறைகள் இரண்டும் 10க்கு 10, கிச்சன் 8க்கு 8, பாத்ரூம் 7க்கு 5 என்று வந்தால் கூட்டுத்தொகை 439. நடைபாதையைச் சேர்த்தாலும் 500-ஐத் தொடாது. மீதி, சுவரிலும் மாடிப்படியிலும் பால்கனியிலும் இருக்கிறது. ஆகவே, பரப்புக் கட்டத்தில் ‘750 – அவர் சொன்னது’, ‘439 – அளந்தது’ என்று இரண்டையும் வைத்துக்கொண்டால் நல்லது. அளந்த வீட்டோடு அளக்காத வீட்டை ஒப்பிட்டு ஏமாற வேண்டாம்.

இதையெல்லாம் நோட்டிலும் எழுதலாம். போனில் கூகுள் ஷீட்டில் எழுதுபவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். வாடகையை ‘6500/-’ என்று போட்டால் ஷீட் அதை எண்ணாக எடுத்துக்கொள்ளாது. குறைந்த வாடகை முதலில் வரும்படி வரிசைப்படுத்தினால் அந்த வீடு எல்லா எண்களுக்கும் கீழே போய்விடும். கண்டுபிடிப்பது சுலபம். எண் என்றால் கட்டத்தின் வலது ஓரத்தில் நிற்கும், எழுத்தாக எடுத்துக்கொண்டால் இடது ஓரத்தில் நிற்கும். இரண்டு பெட்ரூம், ஒரு பாத்ரூம் என்பதைச் சுருக்கி ‘2/1’ என்று தட்டினால், ஷீட் அதை ஒரு தேதியாக மாற்றிவிடும். அறைகள் கட்டத்தில் திடீரென்று ஜனவரி முளைத்தால் காரணம் இதுதான்.

வாடகை D-யிலும் அட்வான்ஸ் E-யிலும் இருந்தால், அட்வான்ஸ் எத்தனை மாத வாடகை என்பது ஒரு வரியில் வந்துவிடும்:

```
=E2/D2
```

சத்திரப்பட்டி ரோடு வீடுகள் இரண்டுக்கும் 10 வரும். ஸ்ரீவில்லிபுத்தூர் வாடகை வரிசைக்கு 7.27. ஒத்தி வரிசையில் பூஜ்யத்தால் வகுக்க முடியாது என்று ஷீட் பிழை காட்டும். அதைத் திருத்த வேண்டாம், அந்த வரிசை வேறு ரகம் என்பதற்கு அதுவே அடையாளம்.

ஆறாவதாக ஒரு கட்டம் சேர்த்து, விளம்பர வாக்கியத்தை ஓர் எழுத்து மாறாமல் அப்படியே ஒட்டி வைப்பது முக்கியம். ‘சிறு குடும்பத்துக்கு மட்டும்’, ‘போர் தண்ணீர்’ போன்றவை ஐந்து கட்டங்களிலும் அடங்காதவை. ‘மாடி 6’ என்பதை 6,000 என்று நீங்கள் புரிந்துகொண்டது சரிதானா என்று பிறகு சரிபார்க்கவும் அந்த வாக்கியம்தான் இருக்கிறது.

பட்டியல் முடிந்ததும் நம் குடும்பத்தின் கையில் முப்பது விளம்பரமும், எங்கே என்ன காலி என்ற கணக்கும் இருக்கும். சத்திரப்பட்டி ரோட்டுக்காரருக்குப் போன் போட்டால் கேட்க வேண்டியவை மூன்று. வீட்டுக்குள் எத்தனை சதுர அடி? மாடியில் ஹால் தனியாக உண்டா? கீழ்வீட்டுக்கும் பத்து மாச அட்வான்ஸ்தானா? ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரரிடம், “ரெண்டு ரூம்னா எது எதுங்க?” என்று ஆரம்பிக்கலாம்.