நக்கினால் தீவனம், கடித்தால் நஞ்சு

கோடையில் பச்சைப்புல் காய்ந்துபோனால் காவிரிப் படுகையில் மாட்டுக்கு மிஞ்சுவது வைக்கோல்தான். அதில் புரதம் 3 அல்லது 4 சதவீதம்தான் இருக்கும். வைக்கோலின் நாரை உடைத்துக் கொடுப்பவை மாட்டின் அசையூண் வயிற்றில் வாழும் நுண்ணுயிர்கள். அவை பெருகத் தீவனத்தில் 7 சதவீதமாவது புரதம் வேண்டும். அது கிடைக்காவிட்டால் தின்ற வைக்கோல் வயிற்றிலேயே தங்கும், மாடு அடுத்த வாய் எடுக்காது, பால் வற்றும்.

ஆனால் இந்த நுண்ணுயிர்களுக்குப் புரதமாகவே தர வேண்டியதில்லை, தழைச்சத்து போதும். யூரியாவை அம்மோனியாவாக உடைத்து, அதைக்கொண்டு தங்கள் உடலை வளர்த்துக்கொள்ளும். பின்னர் அவையே குடலில் செரித்து மாட்டுக்குப் புரதமாகும். இந்த வேலைக்கு உடனடி ஆற்றலும் வேண்டும் என்பதால்தான் யூரியாவோடு வெல்லப்பாகு சேர்க்கிறோம். சர்க்கரை ஆலையில் கடைசியாக மிஞ்சும் கரும்பாகு, மொலாசஸ் என்று கேட்டால் தெரியும்.

சிக்கல் வேகத்தில் இருக்கிறது. யூரியா சில நிமிடங்களிலேயே உடையத் தொடங்கிவிடும். நுண்ணுயிர்கள் பயன்படுத்துவதைவிட வேகமாக அம்மோனியா சேர்ந்தால் மிச்சம் ரத்தத்தில் கலக்கும். கல்லீரல் ஓரளவுதான் அதைத் தாங்கும், அதற்கு மேல் போவது மூளையைத் தாக்கும். ஆகவே யூரியா மாட்டின் வயிற்றுக்குள் துளித்துளியாகப் போக வேண்டும். அதற்குத்தான் அதைக் கல்போலக் கட்டியாக்கி நக்க விடுகிறோம். கட்டியின் கடினம்தான் அதன் பாதுகாப்பு.

10 கிலோ கட்டிக்கு வெல்லப்பாகு 4 கிலோ, யூரியா 1 கிலோ, தவிடு இரண்டரை கிலோ, சிமென்ட் 1 கிலோ, சுண்ணாம்புத் தூள், உப்பு, தாது உப்புக் கலவை மூன்றும் அரை அரைக் கிலோ. அடுப்பு தேவையில்லை. யூரியாவில் உருண்டை இருந்தால் முதலில் நொறுக்க வேண்டும். உருண்டை உடையாமல் நின்றால் ஒரே நக்கில் அந்த இடத்து யூரியா முழுவதும் உள்ளே போய்விடும். பாகில் யூரியாவைப் போட்டு முழுவதும் கரையும்வரை கிளறிவிட்டு உப்பும் தாது உப்பும் சுண்ணாம்பும் சேர்க்கலாம். சிமென்ட்டைக் கொஞ்சம் நீரில் குழைத்துச் சேர்த்து, கடைசியில் தவிட்டைக் கொட்டிப் பிசைய வேண்டும். பாகு கெட்டியாக இருக்கிறதே என்று தண்ணீர் விட்டு இளக்குபவர்கள்தான் அதிகம் கெடுத்துக்கொள்கிறார்கள், அந்தக் கட்டி இறுகவே இறுகாது. அச்சில் அழுத்தி எடுத்து நிழலில் இரண்டு மூன்று நாள் உலர்த்தி, கட்டைவிரலால் ஊன்றிப் பார்க்க வேண்டும். லேசாகப் பதிந்தால் சரி. விரல் இறங்கினால் மாட்டிடம் வைக்கக் கூடாது.

இப்போது 300 கிலோ எடையுள்ள ஒரு மாட்டை எடுத்துக்கொள்வோம். அது நாளுக்கு ஈரம் நீக்கிய கணக்கில் சுமார் 7 கிலோ தீவனம் தின்னும். அதில் 1 சதவீதத்துக்கு மேல் யூரியா போகக் கூடாது என்பது பொது வரம்பு, அதாவது 70 கிராம். நல்ல கட்டியை நாள் முழுக்க நக்கினால் அரைக் கிலோ கரையும், அதில் யூரியா 50 கிராம். கவலை இல்லை. பழகாத மாட்டுக்கு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.3 முதல் 0.5 கிராம் வரை யூரியா குறுகிய நேரத்தில் போனால் நஞ்சாகும். நம் மாட்டுக்கு அது 90 முதல் 150 கிராம், அதாவது 900 கிராமிலிருந்து ஒன்றரைக் கிலோ கட்டி. இளகிய 3 கிலோ கட்டியைக் கடித்துத் தின்றுவிட்டால் 300 கிராம் யூரியா. அது உயிரையே எடுக்கும்.

ஆகவே பசியோடிருக்கும் மாட்டுக்குக் கட்டியைக் காட்டக் கூடாது. முதலில் வைக்கோல், குடிக்கத் தாராளமாகத் தண்ணீர், பிறகுதான் கட்டி. முதல் வாரம் நாளுக்கு ஓரிரு மணி நேரம் மட்டும் வைத்துப் பழக்கலாம். கட்டி நனையும் இடத்தில் இருக்கக் கூடாது. மழைநீர் தேங்கினால் யூரியா அதில் கரைந்துவிடும், மாடு நக்குவதற்குப் பதில் குடித்துவிடும். உடைந்த துண்டுகளைத் தொட்டியில் கரைத்து ஊற்றுவதும் அதே ஆபத்துதான். ஆறு மாதத்துக்குக் குறைந்த கன்றுக்கு அசையூண் வயிறு சரியாக வளர்ந்திருக்காது, அதற்குக் கட்டியே வேண்டாம். குதிரை, கழுதை, பன்றிக்கும் கூடாது.

நஞ்சேறினால் பத்து நிமிடத்திலிருந்து சில மணி நேரத்துக்குள் தெரியும். காதும் முகத் தசையும் துடிக்கும், வாயில் நுரை தள்ளும், பல்லை நறநறவென்று கடிக்கும், வயிறு உப்பும், நடை தள்ளாடும், மூச்சு வாங்கும், பிறகு வலிப்பு. கட்டியை உடனே அப்புறப்படுத்திவிட்டுக் கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். வினிகரும் நிறையக் குளிர்ந்த நீரும்தான் முதல் மருந்து. குளிர்ச்சி யூரியா உடைவதைத் தாமதப்படுத்தும், வினிகரின் புளிப்பு அம்மோனியா ரத்தத்தில் ஏறுவதைக் குறைக்கும். இந்த அளவு மாட்டுக்கு இரண்டு மூன்று லிட்டர் வினிகராவது தேவைப்படும் என்பதால் கட்டி வைத்திருப்பவர் வீட்டில் அதையும் வாங்கி வைத்திருப்பது நல்லது. மருத்துவர் குழாய் வழியே வயிற்றுக்குள் விடுவார். வலிப்பு வந்த மாட்டின் வாயில் புட்டியைச் செருகி நாமே ஊற்றினால் அது நுரையீரலுக்குப் போய்விடும்.