மஞ்சளாகிப் போன ஃபைபர் ஷீட்: கால் வைத்தால் என்ன ஆகும்?

கோவை கணபதி பக்கம் நண்பர் ஒருவர் லேத் பட்டறை வைத்திருக்கிறார். தகர ஷீட் கூரை, நடுநடுவே வெளிச்சத்துக்காக எட்டு ஃபைபர் ஷீட். போட்ட புதிதில் பகலில் லைட்டே தேவைப்படவில்லை. நாலைந்து வருஷத்தில் மஞ்சளாகி, பிறகு பழுப்பாகி, கடைசியில் வெளிச்சமே வரவில்லை. போன கோடையில் சூடு குறைய கூரைக்கு வெள்ளை பெயிண்ட் அடித்தபோது, "வெளிச்சம்தான் வரலையே, அதையும் சேர்த்து அடிச்சிடுங்க" என்று சொல்லிவிட்டார்.

இந்த வருஷம் சோலார் பேனலுக்கு அளவெடுக்க ஒரு பையன் மேலே ஏறினார். எல்லாம் ஒரே வெள்ளை. நடந்து போனவரின் வலது கால் திடீரென்று தொடை வரை உள்ளே இறங்கிவிட்டது. இடது கால் பக்கத்துத் தகரத்தில் இருந்ததால் தொங்கிக்கொண்டு தப்பித்தார். கீழே 18 அடி ஆழத்தில் ஓடிக்கொண்டிருந்த லேத் மெஷின். "அது ஃபைபர்னே தெரியலண்ணா" என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாராம்.

ஒரு ஷீட் மஞ்சளாவதற்கும் உடைவதற்கும் என்ன சம்பந்தம்? தகரத்துக்கு நடுவில் இதை எப்படி மாட்ட வேண்டும்?

வெயில் முதலில் எதைச் சாப்பிடுகிறது?

நாம் ஃபைபர் ஷீட் என்று சொல்வதில் இரண்டு பொருள் இருக்கிறது. ஒன்று, முடி போன்ற மெல்லிய கண்ணாடி இழை. இன்னொன்று, அந்த இழைகளைக் கட்டிப் பிடித்திருக்கும் பாலியஸ்டர் ரெசின். பலம் கொடுப்பது பெரும்பாலும் இழை. அதைப் பிடித்து வைத்திருப்பதும், தண்ணீர் படாமல் காப்பதும் ரெசின்.

கண்ணாடி இழை உள்ளே இருந்தும் ஷீட் ஏன் ஒளியை விடுகிறது? கண்ணாடியும் ரெசினும் ஒளியைக் கிட்டத்தட்ட ஒரே அளவில் வளைக்கின்றன. அதனால் ஒளி இரண்டையும் ஒரே பொருள் போலக் கடந்து போகிறது. நல்ல புது ஷீட் 80 சதவீதம் வரை ஒளியை உள்ளே விடும்.

வெயிலில் இருக்கும் புற ஊதாக்கதிர் கண்ணாடியை ஒன்றும் செய்யாது, ரெசினைத்தான் தாக்கும். அதன் மூலக்கூறுகள் உடைந்து ஆக்சிஜனோடு சேரும்போது மஞ்சள் நிறப் பொருள்கள் உண்டாகின்றன. அந்த மஞ்சள் பெரும்பாலும் மேல்தோலில்தான் இருக்கும். ஆகவே லேசாக மஞ்சளான ஷீட் அன்றைக்கே பலம் இழந்துவிட்டது என்று சொல்ல முடியாது. தீப்பிடிக்காத ரகம் என்று விற்கப்படும் ஷீட்களில் பல, அதற்காகச் சேர்க்கப்படும் குளோரின், புரோமின் பொருள்களாலேயே சீக்கிரம் மஞ்சளாகும்.

பிரச்சினை அதற்கு அடுத்த கட்டத்தில் இருக்கிறது. வலுவிழந்த மேல் ரெசின் மாவு போல உதிர்ந்து மழையில் கழுவிப் போகும். உள்ளே இருந்த இழைகள் வெளியே எட்டிப் பார்க்கும். கையுறை இல்லாமல் தடவினால் முள் மாதிரி குத்துவது இதுதான். அந்த நுனிகளில் தூசி ஒட்டும், பாசி பிடிக்கும். மழைத்தண்ணீர் விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல இழை வழியாக உள்ளே ஊறும். இழைக்கும் ரெசினுக்கும் இருந்த பிடி விட்டுப்போகும். ஷீட்டுக்குள் வெள்ளை வெள்ளையாக நூல் தெரிந்தால் பிடி விட்ட இடம் அதுதான். நடுவில் காற்று புகுந்துவிட்டதால் ஒளி சிதறி வெள்ளையாகத் தெரிகிறது.

மஞ்சளை முதல் எச்சரிக்கை என்று எடுத்துக்கொள்ளலாம். குத்தும் இழையும் வெள்ளை நூலும் வந்துவிட்டால் அது உடையக்கூடிய ஷீட்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. தகரம் கனம் தாங்கவில்லை என்றால் முதலில் நெளியும், சத்தம் போடும். பின்வாங்க ஒரு நொடியாவது கிடைக்கும். ஃபைபர் அப்படி இல்லை, எச்சரிக்கை தராமல் பிளந்துவிடும். அதுவும் ஸ்க்ரூ ஓட்டையிலிருந்துதான் பெரும்பாலும் பிளவு ஆரம்பிக்கும்.

அப்போ புது ஷீட்டில் நடக்கலாமா?

கூடாது. பிரிட்டனில் கூரை ஷீட்டுக்கு ஒரு சோதனை இருக்கிறது. 45 கிலோ மணல் மூட்டையை 1.2 மீட்டர் உயரத்திலிருந்து ஷீட் மேல் போடுவார்கள். தடுக்கி விழும் மனிதனுக்கு அது ஒரு மாற்று. இதில் சோதிக்கப்படுவது ஷீட் மட்டுமல்ல. எந்த ஸ்க்ரூ, எந்த வாஷர், எத்தனை இடத்தில், பர்லின்களுக்கு இடையே எவ்வளவு தூரம் என எல்லாம் சேர்ந்த மொத்த அமைப்பு. அதே ஷீட்டை நாலு ஸ்க்ரூ குறைத்து மாட்டினால் அந்தத் தேர்ச்சிக்கு அர்த்தமில்லை. தேர்ச்சி பெற்றாலும், தவறி விழுந்தால் தாங்கும் என்றுதான் அர்த்தம். நடைபாதையாகப் பயன்படுத்தலாம் என்றல்ல.

நம்மூர் பட்டறைக் கூரைகளில் யாரும் மணல் மூட்டை போட்டுப் பார்ப்பதில்லை. அதனால் எல்லா ஃபைபரையும் உடையக்கூடியதாகவே நினைத்துக்கொள்வது நல்லது. பர்லின் மேல் விழுகிற மாதிரி இரண்டு பலகை போட்டு, அதன் மேல்தான் போக வேண்டும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது

நண்பர் இந்த முறை கடைக்குப் போகும்போது பழைய தகர ஷீட்டில் ஒரு அடி நீளத் துண்டை வெட்டி எடுத்துப் போனார். அதுதான் சரியான வழி. பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் இரண்டு கம்பெனி ஷீட்களில் மேட்டுக்கு மேடு உள்ள தூரம் சில மில்லிமீட்டர் மாறும். முதல் மேடு சரியாக உட்காரும், நாலாவது மேட்டில் இடைவெளி வந்துவிடும். அங்கே சிலிக்கான் அடைத்தால் ஒரு கோடை தாங்கும், அவ்வளவுதான்.

இரண்டாவது, மேல்தோல் பாதுகாப்பு. நல்ல ஷீட்களில் வெயில் படும் பக்கத்தில் புற ஊதாவைத் தடுக்கும் மெல்லிய பிலிம் ஒட்டியிருப்பார்கள். இல்லையென்றால் ஜெல்கோட் பூச்சு இருக்கும். பிலிம் பெரும்பாலும் ஒரு பக்கத்துக்கு மட்டும்தான். எந்தப் பக்கம் மேலே என்று ஸ்டிக்கரிலோ ஓரத்தில் அச்சாகவோ இருக்கும். அவசரத்தில் ஆட்கள் திருப்பி மாட்டிவிட்டால், காசு கொடுத்து வாங்கிய பாதுகாப்பு பட்டறைக்குள் பார்த்துக்கொண்டிருக்கும். வெறும் ரெசின் வெயிலில் காயும். ஸ்டிக்கரைக் கிழிப்பதற்கு முன் எல்லா ஷீட்டையும் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள்.

வந்து இறங்கிய ஷீட்டை அடுக்கி வெயிலில் போடக்கூடாது. இடையில் தண்ணீர் புகுந்து சூடேறினால் மாட்டுவதற்கு முன்பே வெள்ளை படர்ந்துவிடும்.

தகரத்துக்கு நடுவே எப்படி உட்கார வைப்பது?

சரிவில் தண்ணீர் எப்படி ஓடுகிறதோ அந்த வரிசைதான். கீழ்ப்பக்கத் தகரத்தின் மேல் ஃபைபரின் அடி ஓரம் ஏறி உட்கார வேண்டும். ஃபைபரின் தலை ஓரம், மேல்பக்கத் தகரத்துக்கு அடியில் போக வேண்டும். இரண்டு இடத்திலும் 150 மி.மீ. ஏற்றம், நடுவில் பியூட்டைல் டேப். சரிவு குறைவான கூரையில் டேப்பை இரண்டு வரியாக ஓட்டினால் தண்ணீர் பின்னேறாது.

பக்கவாட்டில் கொஞ்சம் யோசிக்க வேண்டும். முடிந்தவரை ஃபைபர் மேலேயும் தகரம் கீழேயும் வரட்டும். காரணம் எளிது: ஓரத்தை இணைக்கும் ஸ்க்ரூவின் மரை தகரத்தில் பிடிக்கும், ஃபைபரில் பிடிக்காது. தகரம் மேலே, ஃபைபர் கீழே என்று வந்துவிட்டால் சாதாரண ஸ்க்ரூ சும்மா சுற்றிக்கொண்டே இருக்கும், அந்த இடத்தில் ஓட்டை பெரிதாவதுதான் மிச்சம். அங்கே ரப்பர் உறை உள்ள, பின்பக்கம் விரிந்து பிடிக்கும் ஃபாஸ்டனர் போட வேண்டும்.

அடுத்தது ஓட்டை. நிறைய கூரையில் தப்பு நடப்பது இங்கேதான். தகரத்துக்குப் போடுவது போல செல்ஃப் டிரில்லிங் ஸ்க்ரூவை நேராக ஃபைபரில் இறக்கிவிடுகிறார்கள். நண்பரின் ஷீட் 12 அடி, அதாவது சுமார் 3.6 மீட்டர். காலைக்கும் உச்சி வெயிலுக்கும் 40 டிகிரி வித்தியாசம் என்று வைத்துக்கொண்டால், இரும்புத் தகரம் 1.7 மி.மீ. நீளும். ஃபைபர் அதைவிட இரண்டு மடங்கு, கிட்டத்தட்ட 3.6 மி.மீ. நீளும். ஸ்க்ரூ இறுக்கமாக இருந்தால் இந்த 2 மி.மீ. இழுபறி தினமும் ஓட்டையின் விளிம்பில் விழும். சில வருஷத்தில் ஓட்டையைச் சுற்றி நட்சத்திரம் மாதிரி கீறல் வரும்.

அதனால் ஃபைபரில் முதலில் தனியாக டிரில் போட வேண்டும், ஸ்க்ரூவைவிட 3 மி.மீ. பெரிதாக. ஆணி வைத்து அடிப்பது வேண்டவே வேண்டாம். ஓட்டை ஷீட்டின் முனையிலிருந்து 50 மி.மீ. தள்ளி இருக்கட்டும். மேலே சுமார் 30 மி.மீ. அகல வாஷர், அதன் அடியில் ரப்பர். ஸ்க்ரூ மேட்டில் வருகிறது என்றால் மேட்டின் அடியில் தாங்குக் கட்டை வைக்க வேண்டும். இல்லாவிட்டால் இறுக்கும்போதே மேடு அமுங்கி விரிசல் விடும். ரப்பர் லேசாகப் பிதுங்கியதும் நிறுத்திவிட வேண்டும். இம்பாக்ட் டிரைவர் வைத்திருக்கும் ஆளுக்கு இதை இரண்டு தடவை சொல்லுங்கள்.

ஷீட்டை வெட்டும்போது பறப்பது கண்ணாடித் தூள். மாஸ்க், கண்ணாடி, முழுக்கைச் சட்டை இல்லாமல் வெட்டவிடாதீர்கள்.

பழைய ஷீட்டுக்கு மேல்பூச்சு போதுமா?

லேசான மஞ்சளும், கொஞ்சம் இழையும்தான் தெரிகிறது என்றால் சோப்புத் தண்ணீரில் கழுவி, தேய்த்து, காயவைத்து, யு.வி. தாங்கும் தெளிவான கோட்டிங் அடிக்கலாம். இழை மறுபடி மூடும், வெளிச்சம் கொஞ்சம் திரும்பும். ஆனால் போன பலம் திரும்பாது. ஓட்டையில் கீறல் வந்துவிட்ட ஷீட்டுக்குச் செலவு செய்வது வீண் என்பது என் கருத்து. கோட்டிங் அடிப்பவரும் அதே ஷீட் மேல்தானே ஏற வேண்டும்?

நண்பர் பட்டறையில் எட்டையும் கழற்றினார்கள். மேலே யாரும் ஏறவில்லை. லேத்தை நகர்த்திவிட்டு, உள்ளே சாரம் கட்டி, கீழேயிருந்தே ஸ்க்ரூவை அறுத்து இறக்கினார்கள். புதிது மாட்டும்போது உச்சியை ஒட்டியிருந்த இரண்டு இடங்களில் ஃபைபருக்குப் பதில் தகரமே போட்டுவிட்டார், மேலே ஏறுகிறவர்கள் நடப்பது அந்த வரிசையில்தான் என்பதால். மீதி ஆறு ஷீட்டின் நான்கு பக்கத்திலும், தகரத்தின் மேல், சிவப்பு பெயிண்டில் அரை அடி அகலக் கோடு போட்டிருக்கிறார். அடுத்த முறை வெள்ளை அடிக்க வருகிறவரிடம் அந்தக் கோட்டைத் தாண்ட வேண்டாம் என்று சொல்லும் பொறுப்பு இப்போது பட்டறை சூப்பர்வைசருக்கு.